பத்து டன்னால் வந்த சரிவா?

ஆசிரியருக்கு,

தங்க விலை குறித்த தங்கள் தலையங்கம், 2013 ஏப்ரல் சரிவுக்கு சைப்ரஸின் தங்க விற்பனைத் திட்டத்தையே காரணமாகக் காட்டுகிறது. அது சுமார் 10 டன் மட்டுமே. ஏப்ரல் 12, 15 ஆகிய இரு வர்த்தக நாள்களில் அவுன்ஸுக்கு ஏறத்தாழ 200 டாலர் சரிய அது போதாது. அமெரிக்க மத்திய வங்கி பணப்புழக்க ஊக்கத்தைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பில், முதலீட்டாளர்கள், தங்கத்தை இருப்பில் வைத்துப் பங்குச்சந்தையில் வர்த்தகமாகும் தங்க இடிஎஃப் நிதிகளிலிருந்து வெளியேறினர்; அந்த ஆண்டில் அந்நிதிகள் இழந்தது ஏறக்குறைய 880 டன்.

விற்றவர்கள் அவர்கள்தான், நகை வாங்குவோர் அல்லர். அந்த வாரம் எங்கள் ஊர் நகைக்கடையில் நாணயம் வாங்க வரிசையில் நின்றவர்களுள் நானும் ஒருவன். ஆனால் ஆகஸ்டுக்குள் இறக்குமதி வரி 10 சதவீதமானது, ரூபாயும் சரிந்தது, மலிவு நீடிக்கவில்லை. எனவே, தினசரி தங்க விலையுடன் டாலர் மதிப்பையும் வரி விகிதத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், கும்பகோணம்