படம் பிடிக்காத தம்பி

திருகோணமலை,
மார்கழி மாதம்.

அன்பின் ரவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. இங்கே வாடைக்காற்று ஓயவில்லை. திருக்கடலூர்க் கரையில் படகுகளை மேலே ஏற்றிவிட்டார்கள். தம்பியும் வீட்டில்தான் இருக்கிறான்.

படமே பிடிக்காது என்கிற அக்காவுக்கு நல்ல படங்களின் பட்டியல் ஒன்று கேட்டிருந்தாய். பட்டியல் உதவும் என்று நான் நினைக்கவில்லை. தம்பிக்கு என்ன செய்தேன் என்று எழுதுகிறேன்.

அவனும் அதே பல்லவிதான் பாடுவான். ஆனால் யாரோ ஒருவர் படகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வீடியோவை முக்கால் மணி நேரம் கண் எடுக்காமல் பார்ப்பான். படத்தில் கதாநாயகன் பெரிய அலைக்குப் பக்கவாட்டில் படகைத் திருப்பினால் எழுந்து போய்விடுவான். ஆக, திரையைப் பார்ப்பதில் அவனுக்கு வெறுப்பில்லை. தனக்குத் தெரிந்த வேலையைப் பொய்யாகக் காட்டுவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கடற்றொழிலாளி என்றதும் எல்லோரும் 'செம்மீன்' என்றார்கள். 1965இல் வந்த அருமையான படம். ஆனால் அது காதலையும் கற்பு பற்றிய நம்பிக்கையையும் பற்றியது. கடல் அதற்குக் களம். தம்பியைப் பிடித்து வைப்பது கடல் அல்ல, கடலில் ஒருவன் செய்யும் வேலை. அதனால் 2013இல் வந்த 'ஆல் இஸ் லாஸ்ட்' படத்தைத் தேர்ந்தெடுத்தேன். படம் முழுக்க ராபர்ட் ரெட்ஃபோர்ட் ஒருவர்தான். பேச்சு அநேகமாக இல்லை. திரையின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்தை வாசித்துக்கொண்டே படம் பார்க்கும் சிரமமும் இல்லை. நீளமும் ஒன்றே முக்கால் மணி நேரம்தான்.

படம் என்று சொல்லி அவனைக் கூப்பிடவில்லை. "இந்து சமுத்திரத்தில் ஒருவனுடைய ஃபைபர் படகைக் கடலில் மிதந்த கப்பல் கொள்கலன் குத்திவிட்டது, என்ன செய்கிறான் பார்" என்றேன். தொடக்கத்தில் வரும் ஆங்கிலக் குரலைத் தாண்டி, அறைக்குள் தண்ணீர் புகும் இடத்திலிருந்து போட்டேன். அந்த மனிதர், தண்ணீரில் குடைபோல் விரிந்து இழுக்கும் கடல் நங்கூரத்தைக் கொள்கலனில் கட்டி, அதன் இழுவையாலேயே கொள்கலனைப் படகிலிருந்து பிரிக்கிறார். பிறகு ஓட்டை இருக்கும் பக்கம் நீருக்கு மேலே எழும்படி, படகை மறுபக்கம் சாய்த்து ஓட்டுகிறார். ஃபைபர் துணியும் பசையும் வைத்து ஓட்டையை அடைக்கிறார். அதன் பிறகே கைப்பம்பால் தண்ணீரை இறைக்கிறார். தம்பி கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டான். "அடைக்காமல் இறைத்து என்ன பயன், சரியாகத்தான் செய்கிறான்" என்றான். சற்று நேரத்தில், "இவ்வளவு தூரம் தனியாக வருகிறவன் ஆபத்துச் சமிக்ஞைக் கருவி கொண்டுவர மாட்டானா?" என்று கோபப்பட்டான். அந்தக் கோபம்தான் எனக்கு வேண்டியிருந்தது. குற்றம் கண்டுபிடிப்பவன் உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம். "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன், வற்புறுத்திக் காட்டினால் அடுத்த படத்துக்கும் வழி அடைபட்டுவிடும்.

அடுத்த படத்துக்கு அவனுடைய இன்னொரு பக்கத்தைப் பிடித்தேன். மீனுக்கு வியாபாரிகள் வைக்கும் விலையைப் பற்றி அவன் பேசாத நாள் இல்லை. 1948இல் இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தி எடுத்த 'லா தெர்ரா த்ரேமா' அதே கதை. சிசிலித் தீவின் ஆச்சி திரெட்சா கிராமத்து மீனவர்களே தங்கள் பேச்சுமொழியில் நடித்திருக்கிறார்கள். விலை கேட்டுப் பொறுக்காத இளைஞன் தராசைத் தூக்கிக் கடலில் எறிகிறான். பிறகு வீட்டை அடகுவைத்துச் சொந்தப் படகு வாங்குகிறான். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும், எழுத்தும் வாசிக்க வேண்டும். முதல் படமாக இதை வைத்திருந்தால் தோற்றிருக்கும். நிறுத்தி நிறுத்தி நான் பேச்சைச் சொல்லிக்கொண்டு வர, இரண்டு இரவுகளாகப் பார்த்தோம். தராசு கடலில் விழுந்தபோது, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னான்.

இனி அக்கா. பத்திரிகையில் வழக்குச் செய்திகளை ஒரு வரி விடாமல் படிப்பவர், சாட்சி சொன்னதில் ஓட்டை தேடுபவர் என்று நீதான் முன்பு எழுதினாய். ஆங்கிலமும் அவருக்குத் தடையில்லை. 'ட்வெல்வ் ஆங்ரி மென்', 1957. சுமார் ஒன்றரை மணி நேரம். ஒரு கொலை வழக்கில் முடிவு சொல்ல வேண்டிய பன்னிரண்டு நடுவர்கள் வாதாடுவதுதான் கதை, அநேகமாக முழுவதும் ஒரே அறையில் நடக்கிறது. கறுப்பு வெள்ளை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. கால் நொண்டும் கிழவர் 15 வினாடியில் கதவருகே வந்ததாகச் சாட்சி சொல்லியிருப்பார்; நடுவர்களில் ஒருவர் அதை நடந்து காட்டிக் கணக்கெடுக்கும் இடம் வரும். அதற்கு முன்பே அக்கா சந்தேகப்பட்டுவிட்டால், அடுத்து என்ன படம் என்று அவரே கேட்பார். அவர் எந்த இடத்தில் குறுக்கே பேசினார் என்பதை எனக்கு எழுது. அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன்,
குமரன்