எதிர் வீட்டு கேட்ல நாய்க்கடி: முரளிக்கு ஒரு கடிதம்

டேய் முரளி,

உன் மெசேஜ் எல்லாம் பாத்தேன், பதில் போடலன்னு கோவத்துல இருப்ப, கொஞ்சம் பொறு. வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்க, அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. சேகர் கல்யாணத்துக்கு நான் வர்றேன், நீயும் வந்தே ஆகணும், இந்த தடவையும் பஸ்ஸ விட்டுட்டேன்னு கதை விட்டா உன் வீட்டுக்கே வந்து தூக்கிட்டு போவேன். அது இருக்கட்டும். எதிர் வீட்டு நாய், பார்சல் கொண்டு வந்த ஒரு தம்பிய கேட்லயே கடிச்சிடுச்சு. நீயும் நாய் வளக்குறவன், அதனால முழுசா படி.

அந்த கேட்டுக்கு தாழ்ப்பா உள்பக்கம். ஆர்டர்லயே "கேட்டைத் திறந்து உள்ள படிக்கட்டுல வச்சிடுங்க"ன்னு எழுதி வச்சிருக்காங்க. அவன் கம்பிக்கு நடுவுல கைய விட்டு தாழ்ப்பாள தூக்குறான், நாய் ஒரு சத்தமும் போடாம வந்து கைய கவ்விடுச்சு. நான் ஓடிப் போய் பாத்தா கட்டைவிரலுக்குக் கீழ சதைப்பத்தான இடத்துல ரெண்டு சின்ன ஓட்டை, ரத்தம்கூட பெருசா இல்ல. அதான்டா ஏமாத்துற காயம். பல்லு உள்ள ஆழமா இறங்கியிருக்கும், மேல தோல் மூடிக்கும், கைல நரம்பு நிறைய இருக்கறதால அந்த இடம் ரொம்ப ஆபத்து, சீழும் சீக்கிரம் பிடிக்கும்.

அவன் "அடுத்த ஆர்டர் இருக்குண்ணா, நான் கெளம்புறேன்"னு கைக்குட்டைய சுத்த ஆரம்பிச்சிட்டான். விடவே இல்ல, குழாயடில நிக்க வச்சு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவ வச்சேன், ஓடுற தண்ணில. ரேபிஸ் வைரஸோட மேல் உறைய சோப்பு சிதைச்சிடும், ஊசிக்கு முன்னாடி நம்ம கைல இருக்கற முதல் மருந்து அதுதான். அப்புறம்தான் அயோடின். வேற எதையும் பூசல, கட்டும் போடல.

இதுக்குள்ள வீட்டுக்காரர் வந்து "எங்க நாய்க்கு ஊசியெல்லாம் போட்டாச்சு தம்பி, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிக்கிட்டே பர்ஸ எடுக்குறாரு. கார்டை காட்டுங்க சார்னு நான்தான் கேட்டேன். கொண்டு வந்தாரு. அவர் பொய் சொல்லலடா, பாவம், நிஜமாவே போட்டிருக்குன்னு நம்பியிருக்காரு. சமீபத்துல ஒட்டின ஸ்டிக்கர் டிஸ்டெம்பர், பார்வோங்கற வேற நாய் நோய்களுக்கான கூட்டு ஊசி. ரேபிஸ் பக்கத்த திருப்பினா, அடுத்த ஊசி போட வேண்டிய தேதி எப்பவோ தாண்டியிருக்கு. ரெண்டுமே ஒரே கார்டுல, ஒரே டாக்டர் கையெழுத்து, யாருக்கும் சந்தேகம் வராது. ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கிட்டேன்.

ஆஸ்பத்திரில பாத்த உடனே மூணாவது வகைக் கடின்னு சொல்லிட்டாங்க. தோலைத் துளைச்சு ரத்தம் வந்தா ஓட்டை எவ்ளோ சின்னதா இருந்தாலும் அந்த வகைதான். தடுப்பூசி மட்டும் பத்தாது, அது உடம்புல எதிர்ப்பு உண்டாக்க நாளாகும், அதுவரைக்கும் காவலுக்கு ரெடியா எதிர்ப்பு சக்தி இருக்கற சீரம் வேணும். அந்த சீரத்தை காயத்துக்குள்ளயும் சுத்தியும் ஊசியால ஏத்துனாங்க, கட்டைவிரல் சதை உப்பிப் போச்சு, தம்பி பல்ல கடிச்சிக்கிட்டு நின்னான். தையல் போடல. டிடனஸ் ஊசியும் போட்டாங்க. மிச்ச தடுப்பூசிக்கு 3, 7, 14, 28-ன்னு நாள் எழுதி அட்டை குடுத்தாங்க.

அங்கயும் ஒரு சிக்கல். சீட்டுல "வலது கையில் காயம்"னு மட்டும் எழுதியிருந்தாங்க. நாய்க்கடின்னு, வளர்ப்பு நாய்னு, எத்தனை மணிக்கு, எங்கன்னு எழுதிக் குடுங்கன்னு திரும்பப் போய் கேட்டோம். அது இல்லன்னா அவன் கம்பெனி இன்சூரன்ஸ்ல கேக்கும்போது கதவுல இடிச்சிக்கிட்டதா கூட இருக்கலாம்னு சொல்லிடுவாங்க.

புகார் எழுதுறப்போதான் எதிர் வீட்டம்மா அழுதுட்டாங்க, நாயப் புடிச்சிட்டு போயிடுவாங்களோன்னு பயம். ராத்திரியே சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. நான் உட்காந்து பொறுமையா சொன்னேன். ரேபிஸ் வந்த நாயோட எச்சில்ல வைரஸ் வர்றது, அதுக்கு நோய் வெளிய தெரியறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான், தெரிஞ்சதும் சீக்கிரமே செத்துடும். அதனால கடிச்ச நாளிலேர்ந்து 10 நாள் நாய் நல்லா சாப்ட்டு ஓடி ஆடி இருந்தா, கடிச்ச அன்னிக்கு எச்சில்ல வைரஸ் இல்லன்னு அர்த்தம். நாய் கண்ணுல படாம போச்சுன்னா அதை யாராலயும் சொல்லவே முடியாது. புகார் குடுத்தா நாய் எங்க இருக்குன்னு எழுத்துல இருக்கும், கால்நடை டாக்டர் வந்து பாப்பாரு, அந்த தம்பிக்கும் பதில் கெடைக்கும். நாயும் வீட்லயே இருக்கலாம். அதுக்காக ஊசிய 10 நாள் தள்ளிப் போடக் கூடாது, அது அன்னிக்கே ஆரம்பிக்கணும். நாய் நல்லா இருந்தா மிச்சத்த நிறுத்தலாமான்னு டாக்டர் பாத்துப்பாரு.

அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. "வெறி நாய்", "கொலைகார நாய்"னு எதுவும் எழுதல. எத்தனை மணி, எந்த கேட், கை எங்க இருந்துச்சு, நாய் கட்டியிருந்துச்சா அவுத்து விட்டிருந்துச்சா, எச்சரிக்கை பலகை இருந்துச்சா, யார் பாத்தாங்க, ரேபிஸ் ஊசி தேதி, இதுதான். சுகாதாரத் துறைக்கு ஒண்ணு, அவன் கம்பெனிக்கு ஒண்ணு.

கம்பெனி பக்கம்தான் எனக்கு ரொம்ப கோவம். ஆப்ல அவன் "கஸ்டமர் பிரச்சினை"ன்னு போட்டிருக்கான், சாரின்னு ஒரு ரெடிமேட் பதில் வந்துச்சு, அவ்ளோதான். விபத்துன்னு ஒரு தனி இடம் உள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கு, தேடி அதுல திரும்பப் போட்டோம், ஆர்டர் நம்பரோட. ஆர்டர் முடியறதுக்கு முன்னாடியே அந்த "கேட்டைத் திறந்து உள்ள"ங்கறத ஸ்கிரீன்ஷாட் எடுக்க வச்சிருந்தேன், முடிஞ்சதும் அவன் போன்ல அந்த வரி காணாமப் போச்சு. அது மட்டும் இல்லன்னா "உன்னை யாரு உள்ள கைய விடச் சொன்னா"ங்கற ஒரு கேள்வில மொத்தமும் கவுந்திருக்கும். வீட்டுக்காரர் முதல்ல கேட்டதும் அதைத்தான்.

இப்போ நாய் நல்லாதான் இருக்கு, தினமும் பால்கனிலேர்ந்து பாக்குறேன், இன்னும் 10 நாள் முடியல. தம்பிக்கு வீக்கம் கொறைஞ்சிருக்கு, ஆனா கட்டைவிரல முழுசா மடக்க முடியல, வண்டில பிரேக் புடிக்க கஷ்டப்படுறான். வேலைக்குப் போகாத நாளுக்கு கம்பெனி இன்னும் வாயே தெறக்கல. எதிர் வீட்ல தாழ்ப்பாள வெளிப்பக்கம் மாத்தி, பார்சலுக்கு கேட்டுக்கு வெளிய ஒரு பெட்டி வச்சிட்டாங்க, அது வரைக்கும் சந்தோஷம். சார் மட்டும் என்னைப் பாத்தா முகத்த திருப்பிக்கிறாரு, பரவாயில்ல.

உன் நாயோட கார்டை இன்னிக்கே எடுத்து ரேபிஸ் பக்கத்த பாருடா, கூட்டு ஊசி ஸ்டிக்கர பாத்துட்டு போட்டாச்சுன்னு சொல்லாத. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. உன் கேட் தாழ்ப்பா எந்தப் பக்கம்னும் சொல்லு.

மாலாவக் கேட்டேன்னு சொல்லு.

உன்
ரவி