பணம் வரவில்லை என்று அன்றே சொல்லியிருக்கலாம்

சிங்கப்பூரில் மோட்டார் காப்புறுதி விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள் கடையில் கவுண்டரில் இருப்பவன் நான். எண்ணெய் மாற்ற வருகிறவர்கள், டயர் மாற்ற வருகிறவர்களுக்கு நடுவில் காப்புறுதிப் பத்திரங்களையும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. உங்களில் பலருடைய படிவங்கள் எனக்கு மனப்பாடம். கீழே வரும் கதை எந்த நிறுவனத்தில் நடந்தது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

எங்களிடம் ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விடும் ஒரு பெண். வீடு ஈசூன், வேலை சாங்கி பக்கம், ஷிஃப்ட் காலை ஆறரைக்கு. முதல் ரயிலைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதால் 2பி லைசென்ஸ் எடுத்து 125 சிசி ஸ்கூட்டர் வாங்கினாள். கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவள். பிரேக் கட்டையை மாற்றச் சொன்னால் பழையதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பாள்.

அவளுடைய பாலிசி ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 11.59க்கு முடிவதாக இருந்தது. இரண்டு வாரம் முன்னாலேயே உங்கள் இணையப் பக்கத்தில் புதுப்பிக்கப் போயிருக்கிறாள். வண்டி எண், அடையாள எண், வங்கி அட்டை எல்லாம் கொடுத்தாயிற்று. வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு வரத் தாமதமானது. பக்கம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்து, ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி’ என்று காட்டியது. சில நிமிடத்தில் மின்னஞ்சலும் வந்தது. அதில் ஓர் இணைப்பு: மேலே உங்கள் சின்னம், நடுவில் அவள் பெயரும் வண்டி எண்ணும், புதிய காலத்தின் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, கட்டணம்.

அந்தத் தாளை அவள் என்னிடம் காட்டினாள். அதாவது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. பார்த்த மாத்திரத்தில் அது பாலிசி இல்லை, விலைக் குறிப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காப்புறுதிச் சான்றிதழ் என்ற தலைப்பு இல்லை, சான்றிதழ் எண்ணும் இல்லை. பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், கட்டணம் கிடைத்த பிறகே பாதுகாப்பு தொடங்கும் என்று ஒரு வரி. நாள் முழுக்க இதையே பார்க்கிறவனுக்கு அது தெரியும். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை விடியற்காலை நல்ல மழை. ஒரு சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும்போது பாதசாரிகளுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. நிற்பதற்காகப் பிரேக் பிடித்தாள். நனைந்த வெள்ளைக் கோட்டில் பின்சக்கரம் வழுக்கி, சாய்ந்த ஸ்கூட்டர் கடந்துகொண்டிருந்த ஒரு முதியவரைத் தட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற காரின் கதவில் போய் மோதியது. கையை ஊன்றி விழுந்த பெரியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. இவளுக்கு முழங்காலில் தையல். 995க்கு அழைத்தது அவள்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை பெரியவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு, அவள் மருத்துவமனையில் இருக்கும்போது, உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் பாலிசி நேற்றோடு காலாவதியாகிவிட்டது. மீண்டும் எங்களுடன் இணைய இங்கே அழுத்துங்கள்.’

உடனே எனக்கு ஃபோன். “அண்ணே, நேத்தோட முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. இப்பவே பணம் கட்டிட்டா இன்னிக்குத் தேதிதானே வரும், சரியாயிடும்ல?”

“வேண்டாம்மா” என்றேன். இன்றைய தேதி வரும், ஆனால் தொடங்கும் நேரமும் அதில் ஏறும். ஆம்புலன்ஸ் அழைப்புக்கு நேரம் இருக்கிறது, போலிஸ் புகாரில் நேரம் இருக்கிறது. மோதிய பிறகு பாலிசி வாங்கி, அதற்குப் பிறகு மோதியதாக எழுதிக் கொடுத்தால் அது மோசடி. இருக்கிற வழக்கோடு இன்னொன்று சேரும். அவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஒரு நாள்தானே அண்ணே, ஆயுள் காப்புறுதிக்கு ஒரு மாசம் டைம் தருவாங்களே” என்றாள் அப்புறம். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆயுள் காப்புறுதி நீண்டகால ஒப்பந்தம். தவணை தவறினால் வழக்கமாக 30 நாள் சலுகை உண்டு. மோட்டார் காப்புறுதி அப்படியில்லை, ஒவ்வோர் ஆண்டும் அது புது ஒப்பந்தம். பழையது முடிந்த நிமிடத்துக்கும் புதியது தொடங்கும் நிமிடத்துக்கும் நடுவில் எதுவுமே கிடையாது. தனிநபர் என்றால் பணம் வந்து சேர்ந்தால்தான் பாதுகாப்பு, கடன் கிடையாது.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது ஒன்று. பாலிசி இருந்து, அதன் நிபந்தனை ஏதோ ஒன்றை மீறி ஒருவர் ஓட்டி இடித்தால்கூட, காயம்பட்டவருக்கு முதலில் நீங்கள் கொடுத்துவிட்டு, அப்புறம் ஓட்டியவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆறு மணி நேரம் முன்னால் முடிந்துபோன பாலிசிக்கு அந்த வழியும் இல்லை. ஒப்பந்தமே இல்லையே, யார் கொடுப்பது?

பெரியவர் கைவிடப்படவில்லை என்பது ஆறுதல். காப்புறுதி இல்லாத வண்டியால் காயம்பட்டவர்களுக்கு இழப்பீடு தர, உங்கள் துறையே 1975ல் மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பை ஏற்படுத்தியிருக்கிறது. அதன் வழியாக அவர் கேட்கலாம். ஆனால் அமைப்பு கொடுக்கும் பணத்தை இவளிடம் திரும்பக் கேட்க முடியும். பொருள் சேதம் அதில் வராது, ஆகவே கார்க் கதவு முழுக்க இவள் தலையில். ஸ்கூட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதற்கு மேல் வழக்கு. காப்புறுதியில்லாமல் ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தை அவள் எப்படியாவது கட்டிவிடுவாள். அவளை உலுக்குவது 12 மாதம் ஓட்டத் தடை. ஓராண்டுத் தடை வந்தால் உரிமமே செல்லாது. தடை முடிந்ததும் தேர்வுகளை முதலிலிருந்து எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் தடையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. ஆனால் வேலை போய்விடும் என்பது அந்தக் காரணத்தில் சேராது. குற்றம் நடந்த சூழலைத்தான் பார்ப்பார்கள். பணம் கட்டியாகிவிட்டது என்று நம்பியதற்கு அவளிடம் இருக்கும் ஒரே சான்று, நீங்கள் அனுப்பிய அந்த விலைக் குறிப்பு. அதைத்தான் வழக்கறிஞரிடம் கொண்டுபோயிருக்கிறாள்.

மழையையும் வழுக்கலையும் உங்கள் மேல் போடவில்லை. ஆனால் அட்டைப் பணம் விழவில்லை என்பது உங்கள் கணினிக்கு அந்த நிமிடமே தெரியும். காலாவதியான மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த கணினிக்கு, முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு அனுப்பத் தெரியாதா? நடுவில் இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் பயணக் காப்புறுதிக்குத் தள்ளுபடி என்று மட்டும் அவளுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பணம் வராத புதுப்பிப்புக்கு நன்றி சொல்லும் பக்கத்தைக் காட்டாதீர்கள். விலைக் குறிப்பில் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் பாலிசி மாதிரியே அச்சிடாதீர்கள். ‘இது காப்புறுதி அல்ல’ என்பதை வண்டி எண்ணுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். பாலிசி முடியும் நாளன்று காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். வாசகம் யோசிக்க நேரமில்லை என்றால் நானே தருகிறேன், நாலு மொழியிலும் போட்டுக்கொள்ளுங்கள்:

‘உங்கள் பாலிசி இன்று இரவு 11.59க்கு முடிகிறது. உங்கள் பணம் எங்களுக்கு வரவில்லை. நாளை வண்டியை எடுக்காதீர்கள்.’

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் மோட்டார்சைக்கிள் கடை ஊழியர் ஒருவர்