டிஸ்ப்ளே பீஸ் விலை போடும் விதம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸுக்குப் புதுச் சரக்கு வருவதால், தக்கலைக் கடையில் மாட்டியிருந்த டிஸ்ப்ளே டிவிகளை விற்கிறோம். எல்லோரும் முதலில் பார்ப்பது கீறலைத்தான். விலையில் அதன் பங்கு சிறியது. டிவி எவ்வளவு நேரம் ஓடியது என்பதே பெரிய கணக்கு.

ஏப்ரலில் மாட்டிய 55 இஞ்ச் எல்இடி டிவி ஒன்று எட்டு மாதம், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று சுமார் 2,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. வீட்டில் தினமும் ஐந்து மணி நேரம் பார்த்தால் இது பதினாறு மாத ஓட்டம். டிவிக்கு எட்டு வருட உழைப்பு என்பது எங்கள் கணக்கு. அப்படியானால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அதே மாடல் புதிதாக எங்கள் கடையில் இன்று 48,000 ரூபாய். அதில் 8,000 கழிகிறது. கீழ் விளிம்பில் ஒரு கீறல், அதற்கு 1,000. விலை 39,000.

பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பியிலிருந்து தள்ளுபடி சொன்னால் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. ஏப்ரல் ஸ்டிக்கரை நம்பிக் கழிப்பது ஏமாற்று.

விளிம்புக் கீறல் வெறும் அழகுக் குறை. திரையில் நகம் தட்டுப்படும் கீறல் என்றால் நாங்கள் விற்பதில்லை. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, பேனல் மாற்றும் செலவோ டிவி விலையை நெருங்கும். ஃப்ரிட்ஜ் கதை வேறு. குளச்சல், முட்டம் பக்கம் உள்ளவர்கள் பெயிண்ட் போய்த் தகரம் தெரியும் கீறலை வாங்காதீர்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். உப்புக்காற்றில் அங்கிருந்துதான் துரு பிடிக்கும்.

வாங்கியவர் பெட்டியைப் பிரித்துவிட்டு உடனே திருப்பித் தந்த டிவிக்கு ஓட்டக் கழிவு கிடையாது. கீறல் இருந்தால் அதற்கு மட்டும் குறைப்போம்.

பில்லில் சீரியல் எண்ணோடு ‘டிஸ்ப்ளே பீஸ், சுமார் 2,400 மணி நேரம், கீழ் விளிம்பில் இடது பக்கம் கீறல்’ என்று எழுதித் தருவோம். இது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. நாளை பேனல் கோளாறு என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடும்போது, அவர் கீறலைக் காட்டி ‘கீழே விழுந்த டிவி’ என்று வாரண்டியை மறுத்தால், இந்த வரியைக் காட்டலாம். டிஸ்ப்ளே பீஸுக்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேட்டு உறுதி செய்து அந்தத் தேதியையும் எழுதுவோம்.

பார்க்க வருபவர்கள் பொழுது சாய்ந்து வாருங்கள். விளக்கை அணைத்து, திரை முழுக்கச் சாம்பல் நிறம் போட்டுக் காட்டுகிறோம். மூலையில் இருட்டோ, நடுவில் பட்டையோ தெரிந்தால் பின்விளக்கு தளர்ந்திருக்கிறது, அந்த டிவி வேண்டாம்.

இப்படிக்கு,
கடையினர், தக்கலை