அந்த மஞ்சள் மாவைத் தூக்கி வை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய சில்லி சிக்கன் படத்தை அம்மா மூன்று தரம் பெரிதாக்கிப் பார்த்தாள். எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. துண்டுகளின் மேல் மாவு அங்கங்கே உரிந்திருக்கிறது, அடியில் விரித்த டிஷ்யூ எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. "எடுக்கும்போது மொறுமொறுன்னுதான்ப்பா இருந்துச்சு, எல்லாரும் உட்கார்றதுக்குள்ள துவண்டு போச்சு" என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதே. ஈரோட்டில் பதினெட்டு வருஷம் சில்லி கடை வண்டி போட்டவன் மகள் டொரண்டோவில் நாலு பேருக்குப் போட்ட சிக்கன் தொப்பலாகிப் போனது என்றால், தப்பு என்மேல்தான். உன்னை அடுப்புப் பக்கமே விடாமல் படி படி என்று விரட்டியவன் நான்தானே. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் மாவு. நீ வாங்கிய பாக்கெட்டில் மாவு மஞ்சளாக இருந்தது என்றாய் பார், பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது. நம்மூரில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டால் வெள்ளைவெளேர் என்று, விரலிடுக்கில் நசுக்கினால் கிறீச்சிடுகிற ஸ்டார்ச்சைத்தான் கொடுப்பார்கள். மக்காச்சோளத்தின் தோல், முளை எல்லாம் நீக்கி மாச்சத்தை மட்டும் எடுத்தது அது. உங்கள் ஊரில் அந்தப் பெயரில் மக்காச்சோளத்தை முழுசாக அரைத்த மாவு வருகிறது. ரொட்டி தட்ட அது சரி, இதற்கு ஆகாது. நீ கேட்க வேண்டியது கார்ன்ஸ்டார்ச். அரிசி மாவும் சாதாரணப் பச்சரிசி மாவாக இருக்கட்டும். ஆசியக் கடைகளில் பக்கத்திலேயே பசை அரிசி மாவும் இருக்கும், அதைப் போட்டால் மேல்தோல் மிட்டாய் மாதிரி இழுக்கும்.

ஏன் இந்த இரண்டு மாவு என்று கேட்பாய். மைதாவில் புரதம் இருக்கிறது. தண்ணீர் பட்டுக் கிளறினால் அது ரப்பர் மாதிரி இழை கட்டும், பொரித்த பிறகு மேல்தோல் சவச்சவ என்று ஆகிவிடும். கார்ன்ஃப்ளவரில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். எண்ணெயில் விழுந்ததும் அது மெல்லிய ஓடு மாதிரி இறுகும். ஆனால் அதை மட்டும் போட்டால் ஓடு வழவழப்பாக இருக்கும், கடித்தால் சத்தம் வராது. அரிசி மாவு கொஞ்சம் நறநறப்பைக் கொடுத்து அந்தச் சத்தத்தை உண்டாக்குகிறது, ஆறின பிறகும் சீக்கிரம் இளக விடுவதில்லை. அதற்காக அள்ளிப் போட்டுவிடாதே, முறுக்கு மாதிரிக் கடினமாகிவிடும். இரண்டு பங்கு கார்ன்ஃப்ளவருக்கு ஒரு பங்கு அரிசி மாவு. வண்டியில் நான் கையளவில் போட்டதை அம்மா ஒரு நாள் கரண்டியால் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு இது.

அரை கிலோ எலும்பில்லாத தொடைக்கறி வாங்கிக்கொள். நெஞ்சுக்கறி வேண்டாம், இதை இரண்டு தரம் பொரிக்க வேண்டும், அது காய்ந்துவிடும். பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வெட்டு. ஐஸில் இருந்து எடுத்ததாக இருந்தால் முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுசாக இளகவிடு. பிறகு தண்ணீரை வடித்து, ஒவ்வொரு துண்டையும் பேப்பர் டவலால் ஒற்றி எடு. இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, காரத்துக்குச் சாதா மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, அரை எலுமிச்சம்பழச் சாறு. இதைப் பிசறி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வை. கரம் மசாலாவை இதில் போடாதே, இரண்டாவது தரம் எண்ணெயில் போகும்போது கருகிக் கசக்கும். எடுத்த பிறகு மேலே தூவினால் போதும்.

இந்த ஒரு மணி நேரத்தில் உப்பு கறியிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விடும். பாத்திரத்தின் அடியில் சிவப்பாகத் தேங்கி நிற்கும் பார். அதில் மாவைக் கொட்டினால் எவ்வளவு போட்டாலும் பத்தாது. கடை போட்ட புதிதில் ஒரு சனிக்கிழமை, கூட்டம் வரும் என்று சாயங்காலம் நாலு மணிக்கே மாவோடு பிசைந்து வைத்துவிட்டேன். ஏழு மணிக்குத் திறந்து பார்த்தால் ரசம் மாதிரி ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் மாவு, இன்னும் கொஞ்சம் மாவு என்று போட்டுக்கொண்டே போனேன். எடுத்தால் போண்டா மாதிரி உருண்டை, கடித்தால் உள்ளே பச்சை மாவு வாசனை. ஒரு பெரியவர் இலையை அப்படியே வண்டியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் காசையும் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதனால் தேங்கிய தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிடு. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போதுதான் மாவு. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் விட்டுப் பிசறி, கார்ன்ஃப்ளவர் நாலு மேசைக்கரண்டி, அரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி தூவு. கிளறும்போது கெட்டியாகக் கல்லு மாதிரி தடுக்கும், உடனே தண்ணீர் விடத் தோன்றும். விடாதே. கார்ன்ஃப்ளவர் அப்படித்தான் ஏமாற்றும். அழுத்தினால் இறுகும், சும்மா விட்டால் இளகி ஓடும். கையை எடுத்துவிட்டு அரை நிமிஷம் பார். ஒரு துண்டைத் தூக்கினால் மாவு மேலே போர்த்தினாற்போல் ஒட்டியிருந்து, ஒரு சொட்டு மட்டும் யோசித்து யோசித்து விழ வேண்டும். அதுதான் பதம். மாவு துண்டில் பிடிக்காமல் உதிர்ந்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளி. ஒவ்வொரு ஈடு போடும் முன்னும் அடியிலிருந்து ஒரு தரம் புரட்டிவிடு, மாவு கீழே படிந்துவிடும்.

இனி எண்ணெய். உன்னிடம் வடைச்சட்டி இல்லை என்றாய். அடி கனமான ஆழப் பாத்திரம் எதுவானாலும் சரி, பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறாயே, அது நல்லதுதான். நான் மாவுச் சொட்டை வைத்துப் பார்ப்பேன். விட்ட சொட்டு அடி வரைக்கும் போய் நிதானமாக மேலே வந்தால் அது முதல் பொரிப்புக்கு, உன் கணக்கில் 160 டிகிரி செல்சியஸ். விட்டதும் மேலே துள்ளி, கண்முன்னே சிவந்தால் இரண்டாவது பொரிப்புக்கு, 190.

முதல் பொரிப்பு கறி வேகத்தான். ஒரு ஈட்டுக்கு ஆறு ஏழு துண்டு போதும். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் சூடு சட்டென்று இறங்கிவிடும், ஓடு இறுகாமல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உன் டிஷ்யூ நனைந்த காரணம் அதுதான். போட்டதும் கரண்டியால் நோண்டாதே, முக்கால் நிமிஷம் விட்டுப் புரட்டு. அதற்குள் தொட்டால்தான் மாவு உரியும். நாலு, ஐந்து நிமிஷம் ஆகும். நிறம் வெளிறியே இருக்கட்டும். பெரிய துண்டு ஒன்றை எடுத்துப் பிளந்து பார், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. தெர்மாமீட்டரைக் குத்தினால் 74க்கு மேல் காட்ட வேண்டும்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். கடைக்காரர்கள் இரண்டு தரம் பொரிப்பது ருசி தேடிக் கண்டுபிடித்தது என்று நினைக்காதே. ஆறு மணிக்கு எடுத்துத் தட்டில் குவித்து வைத்துக்கொண்டால், ஆள் வந்து நூறு கிராம் கேட்டதும் ஒரு நிமிஷத்தில் சூடாகக் கொடுக்கலாம். அவசரத்துக்குச் செய்ததில் மொறுமொறுப்பு தானாக அமைந்தது. நாங்கள் அப்போது முக்கால் வேக்காட்டில் எடுத்து வைத்தோம். நீ அப்படிச் செய்யாதே, அரைகுறையாக வெந்த கோழி வெளியே கிடப்பது வயிற்றுக்குக் கேடு. முதல் தரமே முழுசாக வெந்துவிடட்டும்.

எடுத்த துண்டுகளைக் கம்பித் தட்டில் பரப்பி பத்து நிமிஷம் ஆறவிடு. இந்த நேரத்தில்தான் நீ ஞாயிற்றுக்கிழமை பார்த்த சங்கதி நடக்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வந்து மேல்தோலை நனைக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும். நீ அதோடு நிறுத்திப் பரிமாறிவிட்டாய். இரண்டாவது தரம் எண்ணெயில் போடுவது அந்த வெளியே வந்த ஈரத்தை விரட்டத்தான். உள்ளே கறி ஏற்கெனவே வெந்துவிட்டதால் மறுபடி நாலு, ஐந்து நிமிஷம் விட வேண்டியதில்லை, ஓடு உலர்ந்தால் போதும்.

190க்கு எண்ணெய் ஏறியதும் போடு. காது கொடுத்துக் கேள். முதலில் சடசடவென்று பெரிய சத்தம், குமிழிகள் பொங்கும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்தில் குமிழி சின்னதாகி, சத்தம் அடங்கி, ஜல்லிக் கரண்டியில் துண்டுகள் மோதும்போது ஓடு மாதிரி கலகலக்கும். உடனே எடு. பத்து நொடி தாண்டினாலும் மிளகாய்த்தூள் கருத்துவிடும். கடைசியில் ஈரமில்லாத கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, கீறின பச்சைமிளகாய் நாலு. கழுவின இலையை அப்படியே போட்டால் முகத்தில் தெறிக்கும்.

எடுத்ததை மூடி வைக்காதே. பார்சல் கேட்பவர்களுக்கு முதலில் பாலித்தீன் பையில் சூடாகக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் வியர்த்து ஊறியிருக்கும். அப்புறம்தான் பேப்பர் கவருக்கு மாறி, வாயை மடிக்காமல் கொடுத்தேன். உன் சிநேகிதிகள் தாமதமாக வருவதாக இருந்தால் முதல் பொரிப்பை மட்டும் முடித்து வைத்துக்கொள், அவர்கள் செருப்பைக் கழற்றும்போது இரண்டாவதைப் போடு. முன்கூட்டியே செய்வதானால் ஆறினதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடு, பொரிக்கும் முன் கொஞ்சம் குளிர் விட்டதும் போடலாம்.

ஜன்னலைத் திற, அந்தப் புகை அலாரம் அலறினால் பயந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. எண்ணெயில் தீப் பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியைப் போடு, தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே. மிச்ச எண்ணெயை ஆறவிட்டு வடிகட்டினால் இன்னொரு தரம் ஆகும், அதற்கு மேல் வேண்டாம். மாவுத்தூள் கருகிக் கிடக்கிற எண்ணெயில் அடுத்த தரம் நிறமும் கசப்பும் சேர்ந்துதான் வரும்.

அம்மா வெங்காயத்தை வட்டமாக நறுக்கி எலுமிச்சம்பழத்தோடு வைக்கச் சொல்கிறாள். செய்துவிட்டுப் படம் அனுப்பு. இந்தத் தடவை வீடியோவாக அனுப்பு கண்ணு, கடிக்கும்போது சத்தம் கேட்க வேண்டும்.

அப்பா