மருக்காரைப் பொடி கேட்ட பவிக்கு

கோத்தகிரி

அன்புள்ள பவி,

இங்கே பனி கொட்டுகிறது. விடிந்து பார்த்தால் வாசல் புல் உப்பு தூவினது போல வெளுத்துக் கிடக்கிறது. அப்பா பீன்ஸ் பாத்திக்குத் தண்ணீர் தெளிக்க இருட்டிலேயே கிளம்பிவிட்டார்.

"மருக்காரைப் பொடி பெங்களூர்ல எங்கம்மா கிடைக்கும்?" என்று நீ வாட்ஸப்பில் கேட்டு இன்றோடு ஒன்பது நாள். எதுக்கு என்று நான் திருப்பிக் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டால் "வேலை ஜாஸ்தி அத்தை" என்கிறார். அதனால்தான் கடிதம். இதையாவது முழுசாகப் படி.

எதுக்கு என்று எனக்குத் தெரியும் கண்ணு, வாந்தி எடுத்து உடம்பைச் சுத்தம் பண்ணத்தான். போன பொங்கலுக்கு உன் மாமியார் வந்திருந்தபோது நான்தானே வாய் ஓயாமல் பேசினேன்? வைத்தியசாலையில் பதினோரு வருஷம் எண்ணெய் தேய்த்தது, என் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள், பிசிஓடி இருக்கும் பெண்களுக்குக் கர்ப்பப்பை சுத்தமாகும் என்று வைத்தியர் சொன்னது, எல்லாம். நீ ரசத்தைப் பிசைந்துகொண்டு தலை நிமிராமல் இருந்தாய். அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். வமனம் என்று வைத்தியர்கள் சொல்வது அந்த ஒரு நாள் காலை வாந்தி மட்டும் இல்லை. முதலில் பசியைச் சீராக்க இரண்டு மூன்று நாள் மருந்து. பிறகு வெறும் வயிற்றில் மருந்து நெய், முப்பது மில்லியில் தொடங்கி நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலருக்கு மூன்று நாளில் போதும், சிலருக்கு ஏழு நாள். மலத்தில் நெய்ப்பசை தெரிந்து, நெய்யைப் பார்த்தாலே குமட்டினால்தான் உடம்பு தயார் என்பார் வைத்தியர். அதற்கப்புறம் எண்ணெயும் வேதும். வாந்திக்கு முந்தின நாள் ராத்திரி தயிரும் உளுந்தும் தின்னச் சொல்லிக் கபத்தைக் கிளப்பிவிடுவார்கள். மறுநாள் காலையில் நாடியும் பிரஷரும் பார்த்த பிறகுதான் வயிறு முட்டப் பாலோ அதிமதுரக் கஷாயமோ கொடுத்து, மருக்காரை தருவார்கள்.

நான் ஒரு கையால் நெற்றியைத் தாங்கி, மறு கையால் முதுகைக் கீழிருந்து மேலே நீவிவிடுவேன். இன்னொருத்தி உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று அளந்து எழுதுவாள். ஒவ்வொரு தடவை வாந்தி வருவதற்கும் வேகம் என்று பெயர். நன்றாக எடுத்தால் எட்டு, நடுத்தரம் ஆறு, குறைந்தது நாலு. கடைசியில் மஞ்சளாய்க் கசப்பாய்ப் பித்தம் வந்தால் முடிந்தது.

கபம் வெளியேறுகிறது, ஆஸ்துமாவும் தோல் நோயும் அடங்கும், மாதவிலக்கு சீராகும் என்கிறார்கள். இளைப்போடு வந்தவர்கள் லேசாகிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பெரிய அளவில் சோதித்து நிரூபித்ததாக எங்கள் வைத்தியரே என்றைக்கும் சொன்னதில்லை. எடை குறைந்ததே என்பாய். அது போன தண்ணீர், சாப்பிடாத வயிறு. கஞ்சித் தெளிவிலிருந்து குழைந்த சோறு, பாசிப்பருப்பு என்று ஒரு வாரம் ஏறி வருவதற்குள் பாதி எடை திரும்பிவிடும்.

நீ தனியாகக் குளியலறையில் உட்கார்ந்து குடித்தால் யார் எண்ணுவார்கள்? சிலருக்கு மருந்து மேலே வராது. வரவில்லையே என்று இன்னொரு மடக்கு குடிப்பார்கள், பிறகு இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஓங்கரித்து ஓங்கரித்து உணவுக்குழாய் கிழிந்தால் வாந்தியில் சிவப்பு நூல் மாதிரி ரத்தம் ஓடும். மயக்கத்தில் தலை சாய்ந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவள், ஊருக்கெல்லாம் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், உனக்கு நான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

வாந்தி வேண்டாம், பேதி மட்டும் என்று நினைத்தாலும் வேண்டாம்.

அப்பா விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ காலேஜ் கடைசி வருஷம். பாசியில் சறுக்கிவிட்டார் என்று உனக்குச் சொன்னோம். அவர் சறுக்கவில்லை பவி. நான்தான் மருந்து கொடுத்தேன்.

காலில் அந்தக் கரப்பான் ஆறாமல் இருந்ததல்லவா. பித்தத்தை இறக்கினால் ஆறும் என்று சிவதை லேகியம் கொடுத்தேன். வைத்தியரைக் கேட்கவில்லை. நெய் கொடுக்க வேண்டிய நாட்களையும் விட்டுவிட்டேன், பதினோரு வருஷம் பார்த்தவளுக்குத் தெரியாததா என்ற திமிர். பிரஷருக்கு அவர் சாப்பிட்ட மாத்திரை, மூத்திரத்தோடு உப்பை வெளியேற்றுகிற மாத்திரை. அன்று காலையும் அதைக் கொடுத்தேன். பேதியில் முப்பது வேகம் வரை உத்தமம் என்று கேட்டிருந்ததால் பதினேழு தடவை போனபோது எனக்குச் சந்தோஷம். கடைசியில் சளி மாதிரி கபம் விழ வேண்டும், அது விழட்டும் என்று காத்திருந்தேன். குளிரில் அவருக்குத் தாகமே எடுக்கவில்லை, இரண்டு டம்ளர் வெந்நீருக்கு மேல் குடிக்கவில்லை. சாயங்காலம் கெண்டைக்கால் இழுக்கிறது என்றார். தைலம் தேய்த்தேன். மூத்திரம் போகவே இல்லை என்றார், அதையும் கணக்கில் எடுக்கவில்லை. ராத்திரி எழுந்து நின்றவர் அப்படியே சாய்ந்தார். கை பிடிக்க வலுவில்லை, நெஞ்சு தாறுமாறாக அடித்தது.

பக்கத்து வீட்டு ஜீப்பில், மூடுபனியில், குன்னூர் போய்ச் சேர்ந்தோம். பொட்டாசியம் 2.6 என்றார்கள். 3.5க்குக் கீழே போகக்கூடாதாம். அதை வேகமாக ஏற்றினாலும் இதயம் நின்றுவிடும் என்று சொட்டுச் சொட்டாக விடியும்வரை ஏற்றினார்கள். நான் அந்தச் சொட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பவிகிட்ட சொல்லாத, உன்மேல இருக்கிற மரியாதை போயிடும்" என்றார் அவர். அந்த மரியாதையை வைத்துத்தான் நீ பொடி கேட்கிறாய்.

இன்னொன்று. எங்கள் வைத்தியர் கல்யாணமான எந்தப் பெண்ணையும் கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி கேட்காமல் உள்ளே விடமாட்டார். தேதி ஒழுங்கில்லாதவர்களுக்கு மூத்திரம் சோதித்த பிறகுதான் நெய்யே. வயிற்றில் ஒன்று தங்கியிருந்தால் வமனமும் கூடாது, பேதியும் கூடாது, நெய் குடிக்கிற கட்டத்தில் தெரிந்தாலும் நிறுத்து என்பார். உனக்குத்தான் மூன்று மாதம் வராமலும் இருக்கும், தெரியாமலும் போகும். நான் எதுவும் கேட்கவில்லை. மருந்துக்கடையில் அந்த அட்டை கிடைக்கும், ஒரு தடவை பார்த்துவிடு. உன் மாமியாரிடம் சொல்ல வேண்டியதில்லை.

பொடி ஏற்கனவே வாங்கியிருந்தால் பிரிக்காதே. குடித்திருந்தால், கால் இழுத்தாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ, எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னது குடித்தேன் என்று சொல். திட்டினால் திட்டட்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு அப்பா டிக்கெட் போட்டிருக்கிறார், எனக்கு மட்டும். பாத்தியை விட்டு அவரால் வரமுடியாது. சனிக்கிழமை காலை நீ வீட்டில் இருந்தால் போதும். வரக்கூடாது என்றால் அதையாவது எழுது.

அம்மா