வாசல் நெரிசல்: உங்கள் யோசனைகளில் மூன்றை எப்படித் தேர்ந்தெடுத்தோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சாயங்காலம் பள்ளி விடும்போது வாசலில் ஏற்படும் நெரிசலைக் குறைக்க என்ன செய்யலாம் என்று போன சனிக்கிழமை கூடிப் பேசினோம் இல்லையா, அதில் மூன்று யோசனைகளை இப்போது எடுத்திருக்கிறோம். "நான் சொன்னது என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் முடிவை மட்டும் சொல்லாமல் அதற்கு வந்த வழியையும் எழுதுகிறேன்.

கூட்டத்தின் ஒலிப்பதிவை ஆசிரியர்கள் இருவர் கேட்டு அப்படியே எழுதினார்கள். அதிலிருந்து ஒரு சீட்டுக்கு ஒரு யோசனை என்று, பேசியவரின் வார்த்தையிலேயே எடுத்தோம். ஒரே மூச்சில் இரண்டு யோசனை சொல்லியிருந்தால் இரண்டு சீட்டு. "ஆமாம், அதேதான்" என்பதற்குப் புதுச் சீட்டு கிடையாது, பழைய சீட்டிலேயே ஒரு கோடு. "மழை வந்தா முழங்கால் தண்ணி" என்பது போன்றவை குறைகள், யோசனைகள் இல்லை. அவற்றைத் தனியாக வைத்தோம், ஏனென்றால் யோசனை எதைத் தீர்க்க வேண்டும் என்பதை அவைதான் சொல்கின்றன. ஒலிப்பதிவில் சரியாகக் கேட்காத இடங்களில் ஊகித்து எதையும் எழுதவில்லை, பேசியவரிடமே போனில் கேட்டுக்கொண்டோம்.

அப்புறம் பிரிப்பது. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா தன் கள ஆய்வுக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கிய முறை இது: தலைப்புகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு சீட்டுகளை அவற்றுக்குள் போடக்கூடாது, சீட்டுகளைப் பரப்பி, ஒன்றோடொன்று சேர்வதைச் சேர்த்த பிறகுதான் பெயர் வைக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்று எங்களுக்கு வேன் சீட்டுகளில் புரிந்தது. "வேன் பின்தெருவில நிக்கட்டும்", "வேன் பிள்ளைங்களைப் பத்து நிமிஷம் முன்னாடி விடுங்க", "வேன்ல ஏத்திவிட ஒரு ஆள் வேணும்" என்று மூன்று சீட்டு. வேன் என்று ஒரு தலைப்பு இருந்திருந்தால் மூன்றும் அதற்குள் போய் ஒரே யோசனை மாதிரி ஆகியிருக்கும். ஆனால் முதலாவது இடத்தை மாற்றுகிறது, இரண்டாவது நேரத்தை, மூன்றாவது குழந்தையை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதை. எந்தச் சொல் வருகிறது என்று பார்க்காமல் எதை மாற்றச் சொல்கிறார்கள் என்று பார்த்துச் சேர்த்ததும், பைக்கைத் தள்ளி நிறுத்தச் சொன்ன சீட்டு பின்தெரு வேனோடு தானாகவே போய்ச் சேர்ந்தது.

எந்தக் குவியலிலும் சேராமல் ஒரு சீட்டு தனியாக நின்றது. ஒரு பாட்டி சொன்னது: "உள்ள நிழல்ல ஒரு பெஞ்சு போடுங்க, நாங்க ஏன் வாசலை மறிச்சு நிக்கப்போறோம்?" ஒரே ஒருவர் ஒரே தடவை சொன்னது என்று அதை 'இதர' குவியலில் தள்ளவில்லை. அரை மணி நேரம் முன்பே வந்து வெயிலுக்கு வாசல் ஓரம் ஒதுங்கும் பெரியவர்களைத் தாண்டித்தான் பிள்ளைகள் வெளியே வர வேண்டியிருக்கிறது. வேறு எந்தச் சீட்டும் அதைத் தொடவில்லை.

தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களைச் சீட்டுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி ஒட்டிவிட்டோம். பிடித்த யோசனைக்கு ஏற்றபடி அப்புறம் காரணம் தேட வழியிருக்கக் கூடாது. நம் பள்ளியே செய்ய முடிய வேண்டும், இரண்டு வாரத்தில் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும், இரண்டு வகுப்புகளில் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சுமையாகக் கூடாது. அதிகக் கோடு விழுந்தது "டிராஃபிக் போலீஸ் போடுங்க" என்பதற்குத்தான், ஆனால் அது நம் கையில் இல்லை. மனு கொடுக்கிறோம், பட்டியலில் சேர்க்கவில்லை. கோடுகள் எத்தனை பேருக்கு வலிக்கிறது என்று காட்டும், எது வேலை செய்யும் என்று காட்டாது.

எடுத்தவை மூன்று: வகுப்புவாரியாக நேரம் மாற்றி விடுவது, வேன்கள் பின்தெருவில் நிற்பது, புங்க மரத்தடியில் பெஞ்சு. ஒவ்வொன்றுக்கும் காரணத்தை இப்படித்தான் பதிந்திருக்கிறோம். முதலாவதற்கு எழுதியதைக் கீழே தருகிறேன்.

"யோசனை: சின்ன வகுப்புகள் 3.10, மற்றவை 3.30. எடுத்த காரணம்: செலவில்லை, மணியை மாற்றினால் போதும், நாளைக்கே தொடங்கலாம். எதிராகச் சொல்லப்பட்டது: அண்ணன் ஐந்தாவது, தங்கை யூகேஜி என்றால் அம்மா இருபது நிமிடம் வெயிலில் நிற்க வேண்டும். அதனால் சேர்த்தது: அப்படிப்பட்ட சின்னப் பிள்ளைகள் 3.30 வரை நூலகத்தில் ஆசிரியரோடு இருப்பார்கள். கைவிடும் நிலை: இரண்டு வாரம் கழித்தும் 3.30-க்கு வண்டி வரிசை டீக்கடை வரை நின்றால்."

எதிர்ப்பையும் கைவிடும் நிலையையும் எழுதாமல் 'நல்ல யோசனை' என்று மட்டும் எழுதியிருந்தால், அடுத்த கூட்டத்தில் இதே விவாதம் முதலிலிருந்து தொடங்கும். எடுக்காதவற்றுக்கும் ஒரு வரிக் காரணம் இருக்கிறது.

எல்லாச் சீட்டுகளும் அலுவலகத்துக்கு வெளியே சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. உங்கள் பேச்சு தவறான குவியலில் இருக்கிறது, அல்லது நீங்கள் சொன்னது வேறு என்று பட்டால், வெள்ளிக்கிழமைக்குள் வந்து பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். திங்கள் முதல் புது நேரம் தொடங்குகிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்